477 ரூபாய் எங்கே போச்சு? – தையல் கூடத்துக் கூலிக் கணக்கு

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம். அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக இங்கே தருகிறோம்.)



தலைவி அக்கா என்னைப் பேசச் சொன்னது பீஸ் ரேட் கூலிச் சீட்டு பற்றி. ஏன் இப்போது அந்தப் பேச்சு என்று உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். நம் தையல் கூடங்களில் ஒன்றில் போன மாதம் ஒரு சண்டை. எந்த ஊர் என்று நான் சொல்லப் போவதில்லை. சம்பந்தப்பட்டவர்கள் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்கள் சம்மதத்தோடுதான் பேசுகிறேன்.

நடந்தது இதுதான். புதிய ஆர்டர், ஆறு துண்டு உள்பாவாடை. முதல் வாரம் முடிந்த சனிக்கிழமை 345 பாவாடை வியாபாரிக்குப் போனது. ஒரு பாவாடைக்கு அவர் தருவது 35 ரூபாய். துணியும் நாடாவும் அவருடையது, நமக்குத் தையல் கூலி மட்டும். அதில் நூல், கரண்ட், மிஷின் ரிப்பேர் எல்லாவற்றுக்கும் 5 ரூபாய் எடுத்து வைத்துவிட்டு, 30 ரூபாய் தைத்தவர்களுக்கு என்பது குழுவின் தீர்மானம். அப்படியானால் 345 பாவாடைக்குக் கூலி 10,350 ரூபாய். ஆனால் கணக்கு எழுதுகிற தங்கச்சி போட்டுக்கொண்டு வந்த கூலிச் சீட்டில் கடைசி வரியில் 10,827 என்று இருந்தது. 477 ரூபாய் அதிகம். "இருப்புப் பணத்திலிருந்து அந்த 477-ஐ எடுத்துக் கொடுங்கக்கா" என்று கேட்டிருக்கிறாள்.

"மூணாம் வகுப்புப் பிள்ளை போடுற கணக்கும்மா இது, உனக்கு எப்படித் தப்புச்சு?" என்று ஒருத்தர் கேட்டார். இன்னொருத்தர் அதைவிடக் கூடுதலாகக் கேட்டார். அந்தத் தங்கச்சி பீரோ சாவியையும் நோட்டையும் மேஜையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாள். எனக்குப் போன் வந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன், நானும் பஸ்ஸில் போகும்போது அவள் எங்கேயோ கூட்டலில் தப்பு விட்டிருப்பாள் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். எம்.எஸ்.டபிள்யூ. படித்தவள் நான். அந்தப் பிள்ளை பத்தாவது. தப்பு அவளிடம் இல்லை என்று தெரிந்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது.

அந்த 477 ரூபாய் எங்கே இருந்தது என்று சொல்வதற்கு முன்னால், கூலி எப்படிப் பிரிகிறது என்று பார்த்துவிடலாம்.

ஆறு துண்டுப் பாவாடை நம் எல்லோருக்கும் பழக்கம். முதலில் வெட்டு. அடுத்து ஆறு துண்டையும் இணைப்பது. இணைத்த ஓரங்களுக்கு ஓவர்லாக். அதன் பிறகு இடுப்புப் பட்டி, திறப்பும் அதிலேயே சேர்த்தி. பிறகு அடிமடிப்பு. கடைசியாக நாடா கோர்த்து, நூல் பிசிறு வெட்டி, மடித்து வைப்பது. ஆக ஆறு வேலை. ஒரே ஆள் முழுப் பாவாடையும் தைத்தால் கூலிக் கணக்கு சுலபம். ஆனால் கூடத்தில் யாரும் அப்படித் தைப்பதில்லை. ஒருத்தர் கையில் ஒரு வேலைதான். அதனால் ஒவ்வொரு வேலைக்கும் தனி ரேட் வேண்டும்.

இந்த ரேட்டை எப்படி வைத்தோம் என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் பாதிச் சண்டை இங்கேதான் பிறக்கிறது. முன்பு அந்தக் கூடத்தில் அடிமடிப்புக்கு 3 ரூபாய், பட்டிக்கு 8 ரூபாய் என்று வைத்திருந்தார்கள். கேட்டால், "அடிமடிப்பு நேர் தையல்தானே, யார் வேணாலும் அடிச்சிடலாம். பட்டி வைக்கத்தான் கை வேணும்" என்றார்கள். பாவாடையின் அடிச்சுற்று எவ்வளவு என்று டேப் வைத்து அளந்து பார்த்தோம். இரண்டரை மீட்டருக்கு மேல் வந்தது. அவ்வளவு தூரமும் ரெண்டு மடிப்பு மடித்துக்கொண்டே போக வேண்டும். பட்டியோ சின்னச் சுற்று. அடிமடிப்பு அடிக்கிற அக்கா நாள் முழுக்கக் குனிந்த தலை நிமிராமல் அடித்தும், மாதக் கடைசியில் எல்லோரையும் விடக் குறைவாக வாங்கிக்கொண்டிருந்தார். தனக்கு வேகம் போதவில்லை என்று அவரே நம்பிக்கொண்டிருந்தார், அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அதனால் கடிகாரத்தை வைத்தோம். ஒரு பாவாடைக்கு நேரம் பார்த்தால் சரியாக வராது. ஒன்று என்றால் யாரும் வேகமாக அடித்துக் காட்டிவிடுவார்கள். பத்துப் பாவாடை ஒரு கட்டு. கட்டை எடுத்து அவிழ்த்தது முதல், அடித்து முடித்து, திரும்பக் கட்டி அடுத்தவர் பக்கத்தில் வைத்தது வரை நேரம் பார்த்தோம். நடுவில் நூல் அறுந்தாலும் பாபின் மாற்றினாலும் கடிகாரம் ஓடிக்கொண்டேதான் இருக்கும், ஏனென்றால் அதுவும் வேலையில் சேர்ந்ததுதான். அடிமடிப்பில் ஒரு கட்டுக்கு வேகமான கைக்கு 42 நிமிடம், புதிதாகச் சேர்ந்த பெண்ணுக்கு 58 நிமிடம், மற்ற இரண்டு பேருக்கு 49-ம் 51-ம். நாங்கள் எடுத்துக்கொண்டது 50, அதாவது பாவாடைக்கு 5 நிமிடம். வேகமான கையை அளவாக எடுத்தால் மற்றவர் எல்லோருக்கும் நஷ்டம். மெதுவான கையை எடுத்தால் 30 ரூபாய்க்குள் அடங்காது. நடுக்கைதான் சரி.

இப்படி ஆறு வேலைக்கும் பார்த்தபோது வெட்டுக்கு 2 நிமிடம், இணைப்புக்கு 8, ஓவர்லாக்குக்கு 5, பட்டிக்கு 6, அடிமடிப்புக்கு 5, நாடா-பிசிறு-மடிப்புக்கு 4 என்று வந்தது. கூட்டினால் 30 நிமிடம். கையில் இருப்பது 30 ரூபாய். ஆக நிமிடத்துக்கு ஒரு ரூபாய், எத்தனை நிமிடமோ அத்தனை ரூபாய். இப்படி வட்டமாக வந்தது எங்கள் அதிர்ஷ்டம். உங்கள் கூடத்தில் 36 நிமிடம், 27 ரூபாய் என்று வரலாம். அப்போது 27-ஐ 36-ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 75 பைசா. அதை ஒவ்வொரு வேலையின் நிமிடத்தாலும் பெருக்கினால் அந்த வேலைக்கான ரேட் வந்துவிடும். எப்படிப் பிரித்தாலும் எல்லா ரேட்டையும் கூட்டினால் கூலிக்கென்று ஒதுக்கிய தொகைதான் வர வேண்டும். கூடினால் கையை விட்டுப் போகும், குறைந்தால் யாரோ ஒருத்தருக்குச் சேர வேண்டியது அங்கே நிற்கிறது என்று அர்த்தம்.

பட்டி வைக்கிற அக்காவுக்கு 8 ரூபாய் 6 ரூபாயாகக் குறைந்தது. அவர் ரெண்டு நாள் என்னோடு பேசவில்லை. அவர் கட்டையும் அவர் கண்முன்னாலேயே, அவர் கையிலேயே வாட்சைக் கொடுத்து நேரம் பார்த்தோம். 59 நிமிடம் வந்தது. அதன் பிறகு ஒன்றும் சொல்லவில்லை. சந்தோஷப்பட்டார் என்று சொல்ல மாட்டேன்.

அடுத்தது தினசரி எண்ணிக்கை. ஒவ்வொரு கட்டிலும் ஒரு சீட்டு குத்தியிருக்கும். கட்டு நம்பர், எத்தனை பாவாடை, கீழே ஆறு வேலைக்கும் ஆறு கட்டம். வேலையை முடித்தவர் தன் கட்டத்தில் கையெழுத்தோ, தன் அடையாளமோ போட்டுத்தான் அடுத்தவருக்குத் தள்ள வேண்டும். சாயங்காலம் 4 மணிக்கு மிஷினை நிறுத்தியதும் கணக்கர் சீட்டுகளைப் பார்த்து தினசரி நோட்டில் ஏற்றுவார். ஏற்றியதை எல்லோர் முன்னாலும் சத்தமாக வாசிக்க வேண்டும். "இணைப்பு, உங்களுக்கு 34. சரியாக்கா?" "சரி." அவ்வளவுதான். எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் தன் எண்ணிக்கை தெரியும், காதால் கேட்டால் போதும். மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டால் மறுநாள் ஞாபகம்தான் எழுதும், எண்ணிக்கை எழுதாது.

இதில் ஒரு இடம் எல்லோருக்கும் வழுக்கும். சாயங்காலம் பத்தில் ஆறுதான் முடிந்திருக்கிறது. அன்றைக்கு 6 என்று எழுத வேண்டும், மறுநாள் மீதி 4. பழக்கத்தில் மறுநாள் முழுக் கட்டு என்று 10 எழுதிவிடுவார்கள். அதைத் தடுக்க, பாதியில் நிற்கிற கட்டின் சீட்டில் அந்தக் கட்டத்துக்குள்ளேயே "6" என்று எழுதி வைக்கச் சொன்னோம். மறுநாள் பக்கத்தில் "+4" என்று எழுதினால் கண்ணுக்கே தெரிந்துவிடும்.

இனி அந்த முதல் வாரத்துக்கு வருவோம். ஆறு பேர், ஆறு நாள் வேலை. கரும்பலகையில் எழுதியதை அப்படியே தருகிறேன். முதல் எண் அந்த வாரத்தில் எத்தனை பாவாடைக்கு அந்த வேலை முடிந்தது என்பது.

| வேலை | எண்ணிக்கை | ரேட் (ரூ.) | கூலி (ரூ.) |
|---|---|---|---|
| வெட்டு | 380 | 2 | 760 |
| இணைப்பு | 372 | 8 | 2,976 |
| ஓவர்லாக் | 365 | 5 | 1,825 |
| பட்டி | 356 | 6 | 2,136 |
| அடிமடிப்பு | 350 | 5 | 1,750 |
| நாடா, பிசிறு, மடிப்பு | 345 | 4 | 1,380 |
| மொத்தம் | | | 10,827 |

இதே தொகையை ஆள் வாரியாகவும் போட வேண்டும், ஏனென்றால் கையில் வாங்குகிறவர் ஆள்தான். இணைப்பில் இரண்டு பேர். ஒருத்தர் 196, அதற்கு 1,568 ரூபாய். இன்னொருத்தர் இணைத்தது 176, ஆனால் நடுவில் பட்டி தேங்கி நின்றபோது அதிலும் 66 வைத்துக் கொடுத்தார். அவருக்கு இணைப்பில் 1,408, பட்டியில் 396, ஆக 1,804. ஓவர்லாக் அடித்தவருக்கு 1,825. பட்டி அக்கா 290 வைத்தார், 1,740. அடிமடிப்புக்கு 1,750. வெட்டுகிற அக்கா ஒரு மணி நேரம் முன்னாலேயே வந்துவிடுவார், கடைசி நாடா வேலையும் அவருடையதுதான், இரண்டும் சேர்த்து 2,140. ஆறு பேர் தொகையையும் கூட்டினாலும் அதே 10,827. குறுக்கே கூட்டினாலும் நெடுக்கே கூட்டினாலும் ஒன்றாக வந்தால் பெருக்கலிலும் கூட்டலிலும் தப்பு இல்லை. நான் அந்த வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து மூன்று தடவை போட்டுப் பார்த்தேன். ஒரு ரூபாய்கூடப் பிசகவில்லை.

அப்படியானால் 477 எங்கே?

முடிந்து போன பாவாடை 345தான். ஆனால் வெட்டினது 380. மீதி 35 பாவாடை என்ன ஆச்சு? அவை கூடத்தில் மேஜை மேலேயே கிடந்தன, பாதி வேலை முடிந்த நிலையில். அந்தப் பாதி வேலையைச் செய்தவர்கள் செய்துவிட்டார்கள், அவர்களுக்குக் கூலி கொடுத்துதானே ஆக வேண்டும்? ஆனால் வியாபாரி முடிந்ததற்குத்தான் பணம் தந்திருக்கிறார். 35 பாவாடையையும் எடுத்து எண்ணிப் பார்த்தோம்.

வெட்டி மட்டும் வைத்தது 8. ஒவ்வொன்றிலும் 2 ரூபாய் வேலை அடங்கியிருக்கிறது, ஆக 16 ரூபாய். இணைத்து முடித்து ஓவர்லாக் ஆகாதது 7. வெட்டு 2, இணைப்பு 8, ஆக பத்துப் பத்து ரூபாய், மொத்தம் 70. ஓவர்லாக் வரை ஆனது 9, ஒன்றில் 15 ரூபாய், மொத்தம் 135. பட்டி வரை ஆனது 6, ஒன்றில் 21 ரூபாய், 126. அடிமடிப்பு வரை ஆகி நாடாவுக்குக் காத்திருந்தது 5, ஒன்றில் 26 ரூபாய், 130.

16, 70, 135, 126, 130. கூட்டிப் பாருங்கள்.

477.

யாரும் தின்னவில்லை. மேஜை மேல் துணியாகக் கிடந்தது. தங்கச்சிக்கு இது மனசில் தெரிந்திருக்கிறது, எடுத்துச் சொல்லத்தான் வார்த்தை வரவில்லை. "பாதி வேலை இருக்குக்கா" என்று ஒரு தடவை சொல்லியிருக்கிறாள். சத்தத்தில் யாரும் கேட்கவில்லை. திங்கட்கிழமை அத்தனை பேரையும் மேஜையைச் சுற்றி நிற்க வைத்து, ஒவ்வொரு குவியலையும் அவர்களையே எண்ணச் சொன்னோம். எண்ணி முடித்ததும் முதலில் கூடுதலாகப் பேசிய அந்த அக்காவே எழுந்து போய் சாவியை எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்கு நடந்தார்.

இதிலிருந்து நமக்குத் தெரிவது, புதிய ஆர்டர் தொடங்குகிற எந்தக் கூடத்துக்கும் முதல் வாரத்தில் இப்படி ஒரு தொகை கையிலிருந்து போகத்தான் செய்யும். அது செலவு இல்லை, மேஜை மேல் இருக்கிற இருப்பு. ஆர்டர் முடிகிற வாரத்தில் மேஜை காலியாகும்போது வியாபாரி தருகிற பணம் அந்த வாரக் கூலியைவிட அதிகமாக இருக்கும், அப்போது திரும்பி வந்துவிடும். அதனால் ஆர்டர் எடுக்கும்போதே இருப்புப் பணத்திலிருந்து ஒரு சின்னத் தொகையைக் கூலி முன்பணமாக ஒதுக்கி, தீர்மானப் புத்தகத்தில் எழுதிவிடுங்கள். எங்கள் கூடத்தில் ஆயிரம் ரூபாய் ஒதுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு சனிக்கிழமையும் கூலிச் சீட்டின் அடியில் மேஜை இருப்பு எத்தனை பாவாடை, எவ்வளவு ரூபாய் என்று இரண்டு வரி எழுத வேண்டும். அடுத்த வாரம் அந்த இருப்பிலிருந்து தொடங்கும்.

இந்த மேஜை இருப்பை எண்ணுவதில் இன்னொரு உபயோகமும் உண்டு. அது இரண்டாவது வாரம் தெரிந்தது.

அட்டவணையைத் திரும்பப் பாருங்கள். 380, 372, 365, 356, 350, 345. படிக்கட்டில் இறங்குவது போல எண்ணிக்கை இறங்கிக்கொண்டே போகிறது. இறங்கத்தான் வேண்டும். ஓவர்லாக் ஆகாத பாவாடைக்கு யாரும் பட்டி வைக்க முடியாது. எனவே பட்டி எண்ணிக்கை ஓவர்லாக் எண்ணிக்கையைத் தாண்டக் கூடாது. ஒன்று கவனிக்கணும். இது ஒரு வாரத்துக்கு மட்டும் பார்க்கிற கணக்கு இல்லை. போன வாரம் ஓவர்லாக் ஆகி மேஜையில் கிடந்ததற்கு இந்த வாரம் பட்டி வைப்பார்கள், அதனால் தனி வாரத்தில் பட்டி கூடலாம். ஆர்டர் தொடங்கிய நாளிலிருந்து மொத்தம் போட்டுத்தான் பார்க்க வேண்டும்.

இரண்டாவது சனிக்கிழமை அப்படி மொத்தம் போட்டபோது ஓவர்லாக் 735, பட்டி 741 என்று வந்தது. படிக்கட்டு ஏறிவிட்டது! ஆறு பாவாடை ஆகாயத்திலிருந்தா வந்தது? அதோடு முடியவில்லை. மேஜையில் பார்த்தால், ஓவர்லாக் ஆகிப் பட்டிக்குக் காத்திருந்தது 6 பாவாடை இருந்தது. அதைக் கழித்தால் உண்மையில் பட்டி வைத்தது 729தான். அதிகம் எழுதியது ஆறு இல்லை, பன்னிரண்டு. நோட்டை மட்டும் பார்த்திருந்தால் பாதித் தப்புதான் பிடிபட்டிருக்கும். துணியை எண்ணியதால் முழுசும் வந்தது. 12 என்றால் 72 ரூபாய்.

அந்த 12 எப்படி வந்தது என்றால், கடைசியில் சரி பார்க்கும்போது பட்டி கோணலாக இருக்கிறது என்று 12 பாவாடை திரும்பி வந்திருக்கிறது. பட்டி அக்கா அதைப் பிரித்துத் திரும்ப வைத்தார். திரும்ப வைத்தது வேலைதானே என்று நோட்டில் ஏற்றச் சொல்லிவிட்டார். அவர் ஏமாற்றவில்லை, உழைத்ததைத்தான் சொன்னார். ஆனால் வியாபாரி ஒரு பாவாடைக்கு ஒரு பட்டிக்குத்தான் பணம் தருகிறார்.

இதற்குக் கூடத்தில் ஒரு வழி வைத்தோம். திருத்த வேலையை எண்ணிக்கையில் ஏற்றக் கூடாது, தனி வரியில் எழுத வேண்டும். தன் தப்பைத் தானே திருத்தினால் கூலி இல்லை. வேறு யாருடைய தப்பையோ திருத்தினால், திருத்தியவருக்கு அந்த ரேட் உண்டு. உதாரணத்துக்கு, துண்டு கோணலாக வெட்டி வந்து அதனால் பட்டி கோணலாகிப் போனால் பட்டி அக்கா மேல் என்ன தப்பு? அந்தத் தொகையை யார் ஏற்பது என்பதில் விவாதம் நடந்தது. வெட்டியவர் கூலியில் பிடிக்க வேண்டும் என்று ரெண்டு பேர் சொன்னார்கள். நான் வேண்டாம் என்றேன், ரிப்பேருக்கு எடுத்து வைக்கிற 5 ரூபாயிலிருந்து கொடுக்கலாம் என்றேன். ஒருத்தர் கூலியிலிருந்து இன்னொருத்தருக்குப் பிடித்துக் கொடுக்க ஆரம்பித்தால், தப்பைக் கண்டவர்கூடச் சொல்லாமல் மறைத்து அடுத்தவருக்குத் தள்ளிவிடுவார். சொல்லிவிட்டால் துணியாவது மிஞ்சும். இது என் அபிப்பிராயம்தான். உங்கள் குழுவில் நீங்கள் வேறு மாதிரி முடிவு செய்யலாம், ஆனால் தப்பு நடப்பதற்கு முன்னாலேயே முடிவு செய்துவிடுங்கள்.

அந்த 12 பாவாடையில் கட்டுச் சீட்டைத் தேடிப் பார்த்தபோது பத்து அந்த அக்காவுடைய கை, இரண்டு இணைப்பிலிருந்து வந்து உதவிய தங்கச்சியின் கை என்று தெரிந்தது. சீட்டு இல்லையென்றால் பன்னிரண்டும் அக்கா தலையில்தான் விழுந்திருக்கும்.

பிடித்தம் பற்றி ஒரு வார்த்தை. சில கூடங்களில் குழுக் கடன் தவணை, சந்தா, முன்பணம் எல்லாவற்றையும் கழித்துவிட்டு மீதியை மட்டும் கூலி என்று எழுதிக் கையெழுத்து வாங்குகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். முதல் கட்டத்தில் முழுக் கூலி, அடுத்து பிடித்தம் எதற்கு எவ்வளவு, கடைசியில் கையில் கொடுத்தது. மூன்றும் தனித்தனியாக இருக்கணும். 1,750 சம்பாதித்தவர் வீட்டில் போய் 1,250 என்று காட்டினால், "இதுக்கா ஒரு வாரம் போனே" என்று பேச்சு வாங்குகிறார். 500 ரூபாய் கடன் அடைத்தது அவர்தான் என்பது சீட்டில் இருக்கட்டும்.

பீஸ் ரேட் என்றால் சட்டம் நமக்கு இல்லை என்று ஒரு எண்ணம் இருக்கிறது. அது சரியில்லை. 1973-ல் சிகந்தராபாத்தில் ஒரு தையல் கடை சம்பந்தப்பட்ட வழக்கில், கடையில் வந்து கடை மிஷினில் பீஸ் ரேட்டுக்குத் தைப்பவர்களும் அந்தக் கடையின் தொழிலாளர்கள்தான் என்று சுப்ரீம் கோர்ட் சொன்னது. பீஸ் ரேட்டில் வேலை செய்தாலும், அந்த வேலைக்கு அரசு நாள் கூலிதான் நிர்ணயித்திருக்கிறது என்றால், அந்த நாள் கூலிக்குக் குறையக் கூடாது என்பது 1948-ம் வருடக் குறைந்தபட்சக் கூலிச் சட்டத்திலும் இருந்தது, 2019-ம் வருட ஊதியச் சட்டத் தொகுப்பிலும் இருக்கிறது. வெளியில் கம்பெனிக்குப் போய்த் தைக்கிற உறுப்பினர்கள் இதைத் தெரிந்துகொள்ளணும். நம் கூடம் நம்முடையதே என்றாலும் ரேட்டை ஒத்துப் பார்க்க இது ஒரு அளவுகோல். நிமிடத்துக்கு ஒரு ரூபாய் என்றால் நடுக்கைக்கு எட்டு மணி நேரத்துக்கு 480 ரூபாய். தொழிலாளர் துறை அறிவிக்கிற தையல் தொழில் கூலியை, பஞ்சப்படியும் சேர்த்து, இதோடு ஒப்பிட வேண்டும். பஞ்சப்படி ஏப்ரலில் மாறும். அந்தக் கூலியைவிட நம் ரேட் குறைந்தால், அடுத்த ஆர்டரில் வியாபாரியிடம் 35-ஐக் கூட்டிக் கேட்க நம் கையில் நிமிடக் கணக்கு இருக்கிறது. "கட்டுப்படியாகலை" என்று வாயால் சொல்வதற்கும், "ஒரு பாவாடைக்கு 30 நிமிடம் ஆகுது, இதோ பாருங்க" என்று சொல்வதற்கும் வித்தியாசம் இருக்கிறதா இல்லையா?

ரேட் கூடினால், கூடிய தேதியைத் தினசரி நோட்டில் கோடு போட்டுப் பிரித்துவிடுங்கள். கோட்டுக்கு மேலே பழைய ரேட், கீழே புது ரேட். இரண்டையும் சேர்த்துச் சராசரி போடக் கூடாது.

ஒன்று மட்டும் எங்களுக்கு இன்னும் முடிவாகவில்லை. கரண்ட் போய் மிஷின் நின்றால், ஓவர்லாக் பழுதானால், அல்லது துணி வராமல் காத்திருந்தால் அந்த நேரத்துக்கு பீஸ் ரேட்டில் ஒன்றும் கிடையாது. தப்பு அவர்களுடையது இல்லை, ஆனால் கூலி போகிறது. காத்திருந்த நிமிடத்தையும் தினசரி நோட்டில் தனிக் கட்டத்தில் எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். இப்போதைக்குப் பணம் இல்லை, எண்ணிக்கை மட்டும்தான். இரண்டு மாதம் எழுதினால் எத்தனை மணி நேரம் என்று தெரியும், அதற்கு எவ்வளவு ஒதுக்க முடியும் என்று அப்போது பேசலாம். போன மூன்று வாரத்தில் ஓவர்லாக் தங்கச்சிக்கு மட்டும் 190 நிமிடம் ஆகியிருக்கிறது.

மற்ற கூடங்களில் இருந்து வந்தவர்கள் அடுத்த மாதம் வரும்போது ஒரு வாரத் தினசரி நோட்டையும் கூலிச் சீட்டையும் கொண்டு வாருங்கள், உட்கார்ந்து பார்க்கலாம். வருவதற்கு முன்னால் சனிக்கிழமை சாயங்காலம் மேஜை மேல் என்ன கிடக்கிறது என்று எண்ணி எழுதி வாருங்கள். கேள்வி இருந்தால் இப்போதே கேளுங்கக்கா. அந்தக் கணக்கர் தங்கச்சியும் இங்கேதான் இருக்கிறாள், அவளிடமும் கேட்கலாம்.